வீட்டுச் சாமான், வாகனம், அடுத்தவருக்கு வரும் நட்டம்: காப்புறுதி எதற்குக் காசு தரும்?

குருநகரில் காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தால், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "சண்டைக்குள்ள போனதுக்கு ஆர் தந்தவை?" 1993 நவம்பர் 13 அன்று புனித யாகப்பர் ஆலயத்தின் மீது குண்டு விழுந்ததைக் கண்டவர்களும், 1995 ஒக்டோபர் 30 இரவு ஒரு பையோடு செம்மணிப் பாதையால் நடந்தவர்களும் இருக்கும் ஊர் இது. திரும்பி வந்தபோது கதவு, நிலை, ஓடு, கிணற்றுக் கப்பி வரை போயிருந்ததை அவர்கள் மறக்கவில்லை. அதனால் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காமல் அதிலிருந்தே தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

பதில் சுருக்கமானது. யாரும் தரமாட்டார்கள். அன்று உங்கள் வீட்டுக்குக் காப்புறுதி இருந்திருந்தாலும் தந்திருக்கமாட்டார்கள்.

சொத்துக் காப்புறுதிப் பத்திரங்களில் "விதிவிலக்குகள்" என்ற பகுதி ஒன்று இருக்கும். போர், படையெடுப்பு, உள்நாட்டுப் போர், கிளர்ச்சி, இராணுவ அதிகாரம் என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். போர் முறைப்படி பிரகடனம் செய்யப்பட்டதா இல்லையா என்பது பொருட்டல்ல என்றும் அதில் இருக்கும். இது எங்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் நகரங்கள் குண்டுவீச்சுக்கு உள்ளானதைப் பார்த்த பிரித்தானியக் காப்புறுதியாளர்கள், தரையிலுள்ள சொத்துக்குப் போர்க் காப்புறுதி தருவதில்லை என்று 1937 இல் தங்களுக்குள் உடன்பட்டார்கள். ஆயிரம் வீட்டார் கட்டும் காசில், எரிந்துபோன இரண்டு வீட்டைத் திருத்திக் கொடுப்பதுதான் காப்புறுதியின் கணக்கு. ஆயிரம் வீடும் ஒரே கிழமையில் போனால் அந்தக் கணக்கே இல்லாமல் போய்விடும். போரில் போனதற்கு அரசிடம்தான் கேட்கவேண்டும். அதற்குத்தான் 1987 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் புனர்வாழ்வு அதிகாரசபை வந்தது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேலை இழப்பீட்டுக்கான அலுவலகத்துக்குப் போனது. அங்கே கிடைத்ததும் கிடைக்காததும் வேறு ஒரு பெரிய கதை.

போரும் கலவரமும் பத்திரத்தில் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1983 யூலைக்குப் பின் வெளிநாட்டு மறுகாப்புறுதியாளர்கள் இலங்கையின் கலவர ஆபத்தை ஏற்கத் தயங்கியபோது, 1987 இல் அரசே ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. வேலைநிறுத்தம், கலவரம், குடியியல் குழப்பம் என்பவற்றோடு பயங்கரவாதமும் இன்று அதன்கீழ் வருகிறது. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. வாகனப் பத்திரத்தில் கட்டண விபரத்தைப் பார்த்தால் எஸ்.ஆர்.சி.சி. என்று ஒரு வரியும், ரி.சி. என்று இன்னொரு வரியும் தனியாக இருக்கும். அவை இந்த நிதியத்துக்குப் போகும் காசு. வீட்டுக்கும் அதைச் சேர்க்கலாம், ஆனால் நீங்கள் கேட்டுச் சேர்க்கவேண்டும். சேர்க்காத பத்திரத்தில், கலவரக்காரர் வைத்த தீ சாதாரணத் தீயாகக் கணக்கில் வராது. எங்கள் வரலாற்றைத் தெரிந்த ஒருவர் அந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சரி, போரை விட்டுவிட்டால் மிஞ்சுவது என்ன? அடுப்பு, மின்சாரம், வெள்ளம், களவு, வீதி. 2008 நவம்பரில் நிஷா புயலோடு குடாநாட்டின் தாழ்ந்த இடமெல்லாம் தண்ணீர் நின்றது. 2020 டிசம்பரில் புரேவி வந்தது. 2021 கடைசியில் நாடு முழுவதும் சமையல் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த காலத்தில், இரவில் ரெகுலேற்றரைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்த வீடுகள் எத்தனை. குருநகரின் ஒழுங்கைகளில் ஒரு வீட்டின் குசினிச் சுவர் அடுத்த வீட்டின் அறைச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு தீ இங்கே ஒரு குடும்பத்தின் நட்டமாக மட்டும் முடியாது.

வீட்டுக்குள் இருக்கும் பெறுமதி

வீட்டுச் சாமான்களுக்கான காப்புறுதியில் பலருக்குத் தெரியாத ஒன்று, அதற்குக் காணி உறுதி தேவையில்லை என்பது. கட்டடத்தைக் காப்புறுதி செய்யத்தான் கட்டடத்தில் உங்களுக்கு உரித்து வேண்டும். சாமான் உங்களுடையது என்றால் நீங்கள் வாடகைக்கு இருந்தாலும் அதைத் தனியாகக் காப்புறுதி செய்யலாம். உறுதி தொலைந்தவர்களும் அனுமதிப்பத்திரக் காணியில் இருப்பவர்களும் நிறைந்த இடத்தில் இது சின்ன விடயமல்ல. சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்று மட்டும் கட்டாயம் கேட்பார்கள். ஓலைக் கொட்டில் என்றால் மறுக்கலாம் அல்லது கட்டணத்தைக் கூட்டலாம். அதை மறைத்து "ஓட்டுக் கூரை" என்று எழுதினால் பத்திரமே செல்லாமல் போகும்.

பெரிய பிழை நடப்பது தொகையில். அதை ஓர் உதாரணக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் கணக்கை விளக்க நான் எடுத்தவை.

கணவர் கடற்றொழில், மனைவி தையல், இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் "பெரிசா ஒண்டுமில்லை, ஒரு அஞ்சாறு லட்சம் வரும்" என்பார்கள். அறை அறையாக எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது. கட்டில், அலுமாரி, கதிரை, மேசை 450,000 ரூபா. உடுப்பு, அதிலும் சேலைகள், 300,000. பிள்ளைகளின் கணினியும் வீட்டிலுள்ள கைபேசிகளும் 250,000. குளிர்சாதனப் பெட்டி 180,000. குசினிப் பாத்திரம், காஸ் அடுப்பு, கிரைண்டர் எல்லாம் 175,000. ரீவி 120,000. வோஷிங் மெசின் 110,000. மின்விசிறிகளும் தண்ணீர்ப் பம்பும் 100,000. தையல் இயந்திரம் 65,000. புத்தகம், பாய், படுக்கை 50,000. கூட்டினால் 18 இலட்சம்.

அவர்கள் 6 இலட்சத்துக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறார்கள் என்று வைப்போம். குசினியில் தொடங்கிய தீ முன்னறை வரை வந்து அணைக்கப்படுகிறது. நட்டம் 450,000 ரூபா. ஆறு இலட்சத்துக்குப் பத்திரம் இருக்கிறது, நட்டம் அதற்குள்தானே, முழுவதும் கிடைக்கும் என்று குடும்பம் நம்பும். ஆனால் பத்திரத்தில் "சராசரி நிபந்தனை" என்று ஒன்று இருக்கிறது. 18 இலட்சம் பெறுமதியான சாமானை 6 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவர் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காப்புறுதி செய்தவர், மீதி இரண்டு பங்குக்கு அவரே தனக்குக் காப்புறுதியாளர் என்று அது கொள்ளும். ஆகவே எந்த நட்டம் வந்தாலும் நிறுவனம் மூன்றில் ஒன்றைத்தான் தரும். 450,000 க்கு 150,000. ஒவ்வொரு நட்டத்திலும் முதல் 10 வீதத்தை நீங்களே ஏற்கவேண்டும் என்று பத்திரம் சொன்னால், இன்னும் 15,000 குறைந்து கையில் வருவது 135,000.

இதிலே நிறுவனம் ஏமாற்றவில்லை. ஆறு இலட்சத்துக்கான கட்டணத்தை மட்டுமே அது வாங்கியது. ஆயிரம் ரூபாவுக்கு 2 ரூபா என்ற வீதம் என்று வைத்தால், குடும்பம் கட்டியது வருடத்துக்கு 1,200. முழுத் தொகைக்கும் எடுத்திருந்தால் 3,600. வருடத்துக்கு 2,400 ரூபா வித்தியாசத்தில், மூன்று இலட்சம் நட்டத்தை அவர்கள் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

நான்கைந்து வருடத்துக்கு முன் சரியான தொகைக்கு எடுத்தவர்களும் இந்தக் குழியில் இருக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது 360 ஐத் தாண்டியது. இறக்குமதியாகும் பொருளெல்லாம் அதோடு ஏறியது. பத்திரத்தை வருடா வருடம் பழைய தொகையிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தவருக்கு, அவர் ஒன்றும் செய்யாமலே குறைகாப்புறுதி வந்துவிட்டது. புதுப்பிக்கும் கடிதம் வரும்போது கட்டணத்தைப் பார்க்கிறோம், மேலே இருக்கும் காப்புறுதித் தொகையைப் பார்ப்பதில்லை.

இன்னொரு கேள்வியையும் எழுத்தில் கேட்கவேண்டும்: பழையதற்குப் புதியது தருவீர்களா, அல்லது தேய்மானம் கழித்துத் தருவீர்களா? பத்து வருடப் பழைய குளிர்சாதனப் பெட்டிக்குத் தேய்மானம் கழித்தால் வருவது சொற்பம். அந்தக் காசில் கடையில் புதிது வாங்க முடியாது.

குருநகரில் மட்டும் எழும் சிக்கல் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் வலை இருக்கும், வெளியிணைப்பு இயந்திரம் இருக்கும், சில வீடுகளில் கருவாடும் இருக்கும். பல குடும்பங்களில் அந்த மூலையில் கிடக்கும் வலையின் பெறுமதி மற்ற எல்லாச் சாமானையும் விடக் கூட. வீட்டுச் சாமான் பத்திரம் பொதுவாகத் தொழில் உபகரணத்தையும் வியாபாரப் பொருளையும் ஏற்காது. வலை வீட்டுக்குள் எரிந்தாலும் அது தொழிற்பொருள்தான். அதைத் தனியாகப் பட்டியலிட்டு, ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வாங்கவேண்டும் அல்லது படகோடு சேர்த்து வேறு பத்திரம் எடுக்கவேண்டும். மேலே சொன்ன தையல் இயந்திரமும் அப்படித்தான். பிள்ளைகளின் சட்டை தைத்தால் வீட்டுச் சாமான், ஊருக்குத் தைத்துக் காசு வாங்கினால் தொழில். அதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

நகைக்கும் ஓர் எல்லை போடுவார்கள். தனிப் பொருளுக்கு இவ்வளவு, நகை எல்லாவற்றுக்கும் மொத்தத்தில் இவ்வளவு என்று. களவுக்குப் பெரும்பாலும் உடைத்து உள்ளே வந்த அடையாளம் கேட்பார்கள். திறந்திருந்த கதவால் வந்தவன் எடுத்துப்போனால் பதில் வேறாக இருக்கும். சீதன நகை முழுவதும் அலுமாரிக்குள் இருக்கும் வீட்டில் இந்தப் பத்திரம் அதற்கு ஏற்ற பாதுகாப்பல்ல.

வாகனத்தில் எங்கே உடைகிறது

வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதிச் சான்றிதழ் வேண்டும் என்பதால் வாகனம் உள்ள எல்லோரும் ஏதோ ஒன்றை எடுக்கிறார்கள். லீசிங்கில் எடுத்தவர்களை நிறுவனம் முழுக் காப்புறுதி எடுக்கச் செய்கிறது. முச்சக்கரவண்டி முற்றாக நொறுங்கினால் காசு முதலில் லீசிங் நிறுவனத்தின் நிலுவைக்குப் போகும், மிச்சம்தான் உங்களுக்கு. முதல் இரண்டு வருடத்தில் மிச்சம் பெரிதாக இருக்காது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

சராசரி நிபந்தனை வாகனத்துக்கும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்கள் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வரத் தொடங்கின. இடையில் பழைய வாகனங்களின் சந்தைப் பெறுமதி ஏறியபடி இருந்தது. 15 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்த வாகனம் இன்று 30 இலட்சம் போகிறது என்றால், 4 இலட்சம் திருத்தச் செலவுக்கு 2 இலட்சம் மட்டுமே தருவதாக மதிப்பீட்டாளர் எழுதலாம்.

அதைவிட அடிக்கடி உடையும் இடம், பாவனை. பத்திரத்தில் "தனிப்பட்ட பாவனை" என்று இருக்கும் ஓட்டோ பஸ் நிலையத்தில் வாடகைக்கு ஓடுகிறது. வான் உறவினருடையது, ஆனால் மடுத் திருவிழாவுக்கு ஆட்களிடம் காசு வாங்கிக்கொண்டு போகிறது. வாடகைப் பாவனைக்குக் கட்டணம் கூட என்பதால்தான் இப்படிச் செய்கிறார்கள். விபத்துக்குப் பிறகு விசாரணையில் முதலில் கேட்கப்படுவது "உள்ளே யார் இருந்தது, காசு கொடுத்தார்களா" என்பதுதான்.

அடுத்தவருக்கு வரும் நட்டம்

வீடு முழுவதும் எரிந்தாலும் நட்டம் வீட்டோடு நிற்கும். வாகனம் நொறுங்கினால் அந்த வாகனத்தின் விலையோடு நிற்கும். உங்களால் இன்னொருவருக்கு வந்த நட்டத்துக்கு மட்டும் அப்படி ஒரு மேல் எல்லை இல்லை. நீதிமன்றம் கட்டச் சொன்ன தொகைக்கு உங்கள் காணி, சேமிப்பு, படகு எல்லாம் பதில் சொல்லவேண்டி வரும். எதற்குக் காப்புறுதி முதலில் வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் வைப்பேன். எங்கள் ஊரில் இது கடைசியில் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, வீதியில் அடிபட்டு இறந்தவரின் குடும்பமும் காயப்பட்டவரும் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக. அவர்களின் உடைமைக்கு வரும் சேதத்துக்கு நிறுவனங்கள் ஓர் உச்ச எல்லை போடுவது வழக்கம். பத்திரத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். அது 5 இலட்சம் என்று இருந்து, நீங்கள் மோதிய காரின் திருத்தச் செலவு 18 இலட்சம் என்று வந்தால் 13 இலட்சம் உங்களுடையது. எல்லையைக் கூட்ட ஆகும் மேலதிகக் கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள். முழுக் காப்புறுதிக்கு வசதியில்லாதவர்கள் முதலில் செய்யவேண்டியது இது.

விபத்து நடந்த இடத்தில் எங்கள் பழக்கம் பேசித் தீர்ப்பது. ஊர்ப் பெரியவர் வருவார், சில சமயம் சுவாமியாரும் வருவார், "பிழை என்ரதுதான், செலவை நான் பாக்கிறன்" என்று ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்து முடிப்போம். மனிதத் தன்மையில் அது நல்ல வழக்கம். காப்புறுதியில் அது ஆபத்து. நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பிழையை ஒப்புக்கொள்ளவோ காசு தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை இருக்கும். காலில் சின்னக் காயம் என்று நினைத்து எழுதிக்கொடுத்த கடதாசி, மூன்று மாதத்தில் சத்திரசிகிச்சை என்று வரும்போது உங்கள் கோரிக்கையை மறுக்கும் காரணமாகலாம். காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பக்கத்தில் இருங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. கையெழுத்து வைப்பதற்கு முன் மட்டும் நிறுவனத்துக்கு அழையுங்கள். வழக்குத் தாள் வந்தால் அன்றே கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

"ஓப்பின் பேப்பர்" இன்னொரு பொறி. மோட்டார் சைக்கிளை விற்பவர் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுப்பார், வாங்கியவர் பெயரை மாற்றாமலே ஓடுவார், பிறகு அவர் இன்னொருவருக்கு விற்பார். பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கும் பத்திரம் வண்டியோடு சேர்ந்து தானாகக் கைமாறாது. விபத்து நடந்தால் ஓடியவருக்குக் காப்புறுதி இல்லாமல் போகலாம், பதிவில் பெயர் இருப்பதால் விற்றவரின் வீட்டுக்குப் பொலிஸ் வரும். விற்ற அன்றே உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிப்பதுதான் வழி.

வீட்டிலிருந்தும் இந்தப் பொறுப்பு வரலாம். உங்கள் குசினித் தீ அடுத்த வீட்டுக் கூரைக்குப் போனது, மதில் சரிந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அடிபட்டது. பல வீட்டுப் பத்திரங்களில் பொதுப் பொறுப்பு என்று ஒரு பகுதி இதற்காகவே இருக்கிறது, தொகைதான் சிறியதாக இருக்கும். நெருங்கிய ஒழுங்கையில் இருப்பவர்கள் அதைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கவேண்டும்.

கோரிக்கை வைக்கும் நாள்

தீயோ வெள்ளமோ வந்தால் கழுவித் துடைத்துக் குப்பையை எறிவதற்கு முன் படம் எடுங்கள். எரிந்த பொருளை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை வைத்திருங்கள். நிறுவனத்துக்கு அழைத்த நேரத்தைக் குறியுங்கள். பொலிஸ் முறைப்பாடும் கிராம அலுவலரின் கடிதமும் தேவைப்படும். பொருள் இருந்தது என்பதற்குச் சான்று நீங்கள் தரவேண்டும். இடம்பெயர்ந்து திரும்பியபின் பிரதேச செயலகத்தில் "என்ன இருந்தது, அத்தாட்சி எங்கே" என்று கேட்கப்பட்ட அனுபவம் இங்கே பலருக்கு உண்டு. இப்போது அதைச் செய்வது இலேசு. கைபேசியால் அறை அறையாக, அலுமாரியைத் திறந்து, ஒரு காணொளி எடுத்து, பற்றுச்சீட்டுகளையும் படமெடுத்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரத்துக்கு அனுப்பி வையுங்கள். வீட்டுக்குள் மட்டும் இருக்கும் சான்று வீட்டோடு எரிந்துவிடும்.

முகவர் நிரப்பித் தரும் ஆங்கிலப் படிவத்தில் வெறுமனே கையெழுத்து வைக்கும் வழக்கமும் நிற்கவேண்டும். தமிழில் கேளுங்கள், முகவர் எழுதிய பதில்களை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூரை, பாவனை, தொழில் பற்றி அதில் உள்ள பிழை உங்கள் பொய்யாகவே கணக்கில் வரும், அவருடையதாக அல்ல.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்த நிபந்தனையின்கீழ் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் நிறுவனத்துக்குள்ளேயே முறையீடு செய்யவேண்டும். அங்கே சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், அதற்குக் கட்டணமில்லை. நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். இரண்டும் கொழும்பில் இருந்தாலும் தபாலில் அனுப்ப முடியும். பத்திரத்தின் பிரதி, மறுப்புக் கடிதம், நீங்கள் எழுதிய கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றைத் திகதி வரிசையில் அடுக்கி அனுப்புங்கள்.